ஒரே கோபுரம், இரண்டு வேகம்

(மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு என் அக்கா மகன் கூப்பிட்டான். டெக்சாஸில் முதுகலை படிக்கிறான். அங்கே அப்போது பகல் ஒரு மணி. இரண்டு மணிக்குள் 300 எம்பி அளவுள்ள ஒரு புராஜெக்ட் கோப்பைக் கல்லூரித் தளத்தில் ஏற்றியாக வேண்டும். வீட்டில் இன்னும் இணைய இணைப்பு வாங்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில்தான் லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, போன்ல டெஸ்ட் பண்ணினா 180 மெகாபிட் காட்டுது. அதே போனோட ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்புக்கு ஒண்ணுகூட வரல. அன்லிமிடெட் பிளான்தானே எடுத்திருக்கேன்? லேப்டாப் கெட்டுப்போச்சா?" என்றான்.

"லேப்டாப்பில் எவ்வளவு காட்டுகிறது, சரியாகச் சொல்" என்றேன். 0.58 என்றான். மறுபடி சோதிக்கச் சொன்னேன். 0.57. மூன்றாம் முறை மீண்டும் 0.58. அந்த எண் அசையாமல் நின்றதுமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. "கோப்பை கேபிள் வழியாகப் போனுக்கு மாற்று. போனிலுள்ள உலாவியிலேயே கல்லூரித் தளத்தைத் திறந்து அங்கிருந்து ஏற்று" என்றேன். இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது. லேப்டாப்பிலிருந்தே ஏற்றியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கெடு தாண்டியிருக்கும்.

கோபுரமும் போனும் சிம்மும் ஒன்றுதான். கோப்பும் அதுவேதான். லேப்டாப்பிலிருந்து போனால் ஒரு வேகம், போனிலிருந்து போனால் முப்பது மடங்குக்கு மேல் வேகம். ஏன் இப்படி? மொபைல் நெட்வொர்க் வேலையிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்று விடை சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், நம்மவர்கள் ஏன் இதில் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்போம். நம் ஊரில் வழக்கமான பிரீபெய்டு திட்டத்தில் நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று ஒரே ஒரு கணக்குதான் இருக்கும். போனில் பார்த்தாலும் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் பார்த்தாலும் அதே கணக்கிலிருந்து கழியும். தீர்ந்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரே பானை, ஒரே அகப்பை. அமெரிக்காவின் அன்லிமிடெட் திட்டங்களில் பானைகள் இரண்டு. போனின் திரையில் நாம் நேரடியாகப் பயன்படுத்தும் டேட்டா ஒன்று. அது பெரிய பானை. போன் வழியாக வேறு கருவிக்குப் போகும் டேட்டா இன்னொன்று. அது சிறிய பானை, அதற்கு அளவும் உண்டு. விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் அன்லிமிடெட் என்ற சொல் பெரும்பாலும் முதல் பானையைப் பற்றியது. இரண்டாவது பானையைப் பற்றிய செய்தி சிறிய எழுத்தில் கீழே இருக்கும்.

இந்த இரண்டாம் பானை எப்படி வந்தது?

2010 ஜூனில் ஏடி அண்ட் டி நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் டேட்டாவை நிறுத்தியது. மாதம் 25 டாலருக்கு 2 ஜிபி என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. போனை லேப்டாப்போடு இணைக்க, அதாவது டெதரிங் செய்ய வேண்டுமானால் கூடுதலாக 20 டாலர். அந்த 20 டாலருக்கு ஒரு எம்பிகூட அதிகமாகக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அதே 2 ஜிபியை லேப்டாப்பிலும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதிக்கு மட்டுமே அந்தப் பணம். கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கியவரிடம், அதை மண்பானையில் பொங்கினால் ஒரு விலை, குக்கரில் பொங்கினால் அதற்கு மேல் ஒரு விலை என்று கேட்பதைப் போன்றது அது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே அதே 20 டாலரோடு இன்னொரு 2 ஜிபியையும் சேர்த்துக் கொடுத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2012 ஜூலையில் நடந்தது. அதைச் சொல்ல நான்கு ஆண்டு பின்னால் போக வேண்டும். 2008 ஏலத்தில் வெரைசான் நிறுவனம் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சி பிளாக் என்ற பகுதியை 474 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த அலைவரிசைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதன்மேல் வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த கருவியையும் செயலியையும் பயன்படுத்துவதை நிறுவனம் தடுக்கக் கூடாது. பிறகு வெரைசான் தன் வாடிக்கையாளர்களுக்கு டெதரிங் செயலிகள் கிடைக்காமல் செய்யும்படி ஆண்ட்ராய்டு செயலிக் கடையைக் கேட்டுக்கொண்டது என்று புகார் எழுந்தது. அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் விசாரித்தது. முடிவில் வெரைசான் 12.5 லட்சம் டாலர் அரசுக் கருவூலத்துக்குக் கட்டியது. ஜிபி கணக்கில் டேட்டா வாங்கியவர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் டெதரிங் செய்யலாம் என்றும் ஆனது. பழைய அன்லிமிடெட் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை வரவில்லை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அளந்து வாங்கியவனுக்கு ஒரு நியாயம், அளவில்லாமல் வாங்கியவனுக்கு வேறொரு நியாயம் என்று அங்கே ஒரு கோடு போடப்பட்டது. இன்றைய ஹாட்ஸ்பாட் வரம்புகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முளைத்தவைதாம்.

ஏன் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பல அன்லிமிடெட் திட்டங்களில், போன் திரையில் ஓடும் வீடியோவை 480பி தரத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மெகாபிட் போதும். முழுப் படத்துக்கும் 1.35 ஜிபி ஆகும். அதே படத்தை லேப்டாப்பிலோ டிவியிலோ முழு எச்டி தரத்தில் பார்த்தால் விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.5 ஜிபி போய்விடும். படம் ஒன்றே, செலவு மூன்று மடங்குக்கு மேல்.

இதற்கு மேல், போனை ஒருவர் எத்தனை மணி நேரம் பார்த்துவிட முடியும்? கண் வலிக்கும், பேட்டரி தீரும், தூக்கம் வரும். அன்லிமிடெட் என்று ஒரு நிறுவனம் துணிந்து விற்பதற்கு அடிப்படையே இந்த மனித எல்லைதான். அவர்கள் உண்மையில் விற்பது எல்லையற்ற டேட்டாவை அல்ல. ஒரு மனிதர் ஒரு சிறு திரையில் சராசரியாகச் செலவழிக்கும் டேட்டாவை விற்கிறார்கள். ஹாட்ஸ்பாட் போட்டதும் அந்தச் சராசரி உடைந்துபோகிறது. ஒரு சிம்முக்குப் பின்னால் இரண்டு லேப்டாப்பும் ஒரு டிவியும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் வந்து நிற்கலாம். யாரும் பார்க்காத நேரத்திலும் அவை தாமாக அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும்.

2015 ஆகஸ்டில் டி-மொபைல் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜான் லெஜியர் ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். அவர்களுடைய அன்லிமிடெட் திட்டத்தில் அப்போது ஹாட்ஸ்பாட்டுக்கு 7 ஜிபி வரம்பு இருந்தது. சிலர் ஹாட்ஸ்பாட் பயன்பாட்டைச் சாதாரணப் போன் பயன்பாடுபோல் வேடமிட்டு அனுப்பி, மாதம் 2 டெராபைட், அதாவது 2,000 ஜிபி வரை எடுக்கிறார்கள் என்றார். அப்படிச் செய்தவர்கள் அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றும் அவரே சொன்னார். ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்து அலைவரிசை முழுவதையும் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் வீடு முழுவதற்குமான இணையத்தை ஓட்டினால் அக்கம்பக்கத்துப் போன்கள் தள்ளாடும். அதனால் வரம்பு வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

வரம்பு வைத்தார்கள், சரி. ஆனால் போனின் பயன்பாட்டையும் லேப்டாப்பின் பயன்பாட்டையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? இரண்டும் ஒரே சிம் வழியாக, ஒரே அலையில்தானே போகின்றன?

முதல் வழி, போனே சொல்லிவிடும். நீங்கள் ஹாட்ஸ்பாட்டைத் தட்டியதும் பல போன்கள், இந்தத் திட்டத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். இல்லையென்றால் ஹாட்ஸ்பாட் திறக்காது. சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஹாட்ஸ்பாட்டுக்கென்றே தனி வாசல் வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனின் ஏபிஎன் அமைப்புகளில் `dun` என்று ஒரு வகை இருப்பதைப் பார்க்கலாம். போனின் சொந்த டேட்டா ஒரு வாசலில் போகும், லேப்டாப்பின் டேட்டா அந்த இன்னொரு வாசலில் போகும். வாசல் வேறாகிவிட்டால் எண்ணுவது எளிது.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் நெற்றியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். `TTL` என்பார்கள். வழி தவறிய பொட்டலம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக 1981-இல் இணைய நெறிமுறையில் எழுதிவைத்த ஏற்பாடு அது. பொட்டலம் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அந்த எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலம் தூக்கி எறியப்படும். உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் இந்தக் கட்டளையை அடித்துப் பாருங்கள்.

```
ping 127.0.0.1
```

விடையில் `TTL=128` என்று வரும். விண்டோஸ் தன் பொட்டலங்களை 128 என்று எழுதி அனுப்பும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் மேக்கும் 64 என்று எழுதும். இப்போது ஹாட்ஸ்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் பொட்டலம் போன் வழியாகப் போகிறது. அந்த நேரத்தில் போன் ஒரு ரவுட்டர். அது ஒன்றைக் கழித்துவிடும். ஆக நிறுவனத்தின் கேட்வேக்கு வந்து சேரும்போது போனின் சொந்தப் பொட்டலம் 64 என்று இருக்கும், லேப்டாப்பின் பொட்டலம் 127 அல்லது 63 என்று இருக்கும். இடையிலுள்ள கோபுரமும் மற்றக் கருவிகளும் பொட்டலத்தை ஓர் உறைக்குள் போட்டு அப்படியே கடத்துவதால் உள்ளே இருக்கும் எண் மாறாது. வழி தவறியதைக் கொல்வதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன் வைத்த எண், இன்று லேப்டாப்பைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக நிற்கிறது.

மூன்றாவது வழி, பொட்டலம் எங்கே போகிறது என்று பார்ப்பது. ஒரு போனிலிருந்து விண்டோஸ் அப்டேட் சர்வரை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் பின்னால் ஒரு லேப்டாப் இருக்கிறது என்று பொருள்.

விபிஎன் போட்டால் இதிலிருந்து தப்பிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். லேப்டாப்பில் விபிஎன் போட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் மறையும். விபிஎன் பொட்டலத்தையும் லேப்டாப்தானே தயாரிக்கிறது? வெளி நெற்றியில் 127 அப்படியே இருக்கும். போனில் போட்டாலோ, சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் டேட்டா அந்த விபிஎன்னுக்குள் நுழைவதில்லை. அந்த எண்ணையே மாற்றிவிடும் தந்திரங்களும் உண்டு. ஆனால் அது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறுவது. லெஜியர் கடிதம் எழுதியது அப்படிச் செய்தவர்களைப் பற்றித்தான். விசாவில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்த வேலை வேண்டாம்.

பிரித்து அறிந்தாகிவிட்டது. இனி வேகம் எங்கே குறைகிறது? மூன்று இடங்களில் குறையலாம். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் லேப்டாப் கெட்டுவிட்டது என்றும் போன் சரியில்லை என்றும் நினைக்கிறோம்.

முதலாவது மதகு. ஏரியில் நீர் நிரம்பியிருக்கலாம், ஆனால் மதகை எவ்வளவு திறந்திருக்கிறார்களோ அவ்வளவுதான் வாய்க்காலில் வரும். உங்கள் ஹாட்ஸ்பாட் ஜிபி தீர்ந்ததும் கேட்வேயில் ஒரு விதி விழுகிறது. இந்த எண்ணின் ஹாட்ஸ்பாட் டேட்டாவை விநாடிக்கு 600 கிலோபிட்டுக்கு மேல் விடாதே என்கிறது அந்த விதி. சில திட்டங்களில் அந்த எண் 128 கிலோபிட். அளவுக்கு மேல் வரும் பொட்டலங்களைக் காக்கவைப்பார்கள், அல்லது தூக்கி எறிவார்கள். இதன் அடையாளம், எண் அசையாமல் இருப்பது. காலையில் சோதித்தாலும் நள்ளிரவில் சோதித்தாலும் கோபுரத்துக்கு அடியிலேயே நின்று சோதித்தாலும் அதே எண்தான் வரும். என் அக்கா மகன் சொன்ன 0.58 மெகாபிட் என்பது 600 கிலோபிட் மதகின் கையெழுத்து.

இரண்டாவது கோயில் வரிசை. தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசை, கட்டணத் தரிசனத்துக்கு ஒரு வரிசை. கூட்டமில்லாத நாளில் எந்த வரிசையில் நின்றாலும் உடனே உள்ளே போய்விடலாம். திருவிழா நாளில்தான் வித்தியாசம் தெரியும். மொபைல் நெட்வொர்க்கில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் ஒட்டப்படுகிறது. கோபுரத்துக்கு அது லேப்டாப்பா போனா என்பது தெரியாது. ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து யாரை முன்னால் விடுவது என்று முடிவு செய்யும், அவ்வளவுதான். சில திட்டங்களில் போனின் சொந்த டேட்டாவுக்குப் பின்னால்தான் ஹாட்ஸ்பாட்டுக்கு இடம். அப்படியானால், ஜிபி மீதமிருந்தாலும் மாலை நேரத்தில் லேப்டாப் தவழும், விடியற்காலையில் பறக்கும். எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது வரிசையின் வேலை.

மூன்றாவது, போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையிலுள்ள கடைசி இரண்டு அடி. போனின் வைஃபை சிறிய ஆன்டெனாவில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் எல்லா வீட்டு வைஃபையும் மோதிக்கொள்கின்றன. போன் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. போனைக் கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் இந்தக் குறை போய்விடும்.

ஆக, எது காரணம் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வேகத்தைச் சோதியுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்பில் சோதியுங்கள். பிறகு கேபிள் போட்டு மீண்டும் லேப்டாப்பில் சோதியுங்கள். கேபிளில் வேகம் எகிறினால் குறை வைஃபையில் இருந்தது. கேபிளிலும் அதே குறைந்த வேகம் என்றால் அடுத்த நாள் விடியற்காலையில் ஒருமுறை சோதியுங்கள். அப்போது நன்றாக இருந்தால் குறை வரிசையில். அப்போதும் எண் அசையவில்லையென்றால் மதகு இறங்கிவிட்டது. நிறுவனத்தின் செயலியைத் திறந்து ஹாட்ஸ்பாட் கணக்கைப் பாருங்கள். தீர்ந்திருக்கும்.

அந்த இரவு அவசரம் முடிந்தபின் நாங்கள் இருவரும் அவனுடைய கணக்கைப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திட்டம் இதுதான்: போனுக்கு அன்லிமிடெட், ஹாட்ஸ்பாட்டுக்கு முழு வேகத்தில் 10 ஜிபி, அதன்பின் 600 கிலோபிட். பில் சுழற்சி தொடங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பத்தும் போய்விட்டது. விண்டோஸ் அப்டேட் ஒன்று தானாக இறங்கியதில் 4 ஜிபி. வகுப்புப் பதிவுகள் மூன்றை லேப்டாப்பில் பார்த்ததில் 3 ஜிபி. புகைப்படங்களும் பாடக் கோப்புகளும் கிளவுடுக்குத் தாமாக ஒத்திசைந்ததில் இரண்டரை ஜிபி. அவன் வேண்டுமென்று செய்த மற்ற வேலை எல்லாம் சேர்த்து அரை ஜிபிதான். பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

மீதி இருபத்திரண்டு நாளும் 600 கிலோபிட். அது எவ்வளவு என்று பாருங்கள். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 75 கிலோபைட். 3 எம்பி உள்ள ஓர் இணையப் பக்கம் திறக்க 40 விநாடி ஆகும். மின்னஞ்சல் போகும், எழுத்துவழி உரையாடல் போகும், பொறுமை இருந்தால் பாடக் குறிப்புகள் இறங்கும். அவனுடைய 300 எம்பி கோப்பு ஏற 67 நிமிடம். இன்னொரு 5 ஜிபி அப்டேட் வந்தால் பதினெட்டரை மணி நேரம். இதுவே 128 கிலோபிட் திட்டமாக இருந்தால் அந்தப் பக்கம் திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல், அந்த அப்டேட் இறங்க மூன்றரை நாளுக்கு மேல். பல தளங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் இணைப்பையே துண்டித்துவிடும். 600 கிலோபிட்டில் ஒரு மாணவர் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். 128 கிலோபிட்டில் முடியாது. அது கதவைச் சாத்திவிட்டு, திறந்துதான் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

பிறகு அவன் மூன்று மாற்றங்கள் செய்தான். விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து `Metered connection` என்பதை இயக்கினான். அதனால் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் தாமாக இறங்குவது நின்றது. மேக் வைத்திருப்பவர்கள் `Low Data Mode` என்பதை இயக்கலாம். அடுத்து, கிளவுட் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, கல்லூரி வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடவிட்டான். மூன்றாவதாக, வகுப்புப் பதிவுகளைப் போனிலேயே இறக்கி, கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றிப் பார்த்தான். போன் இறக்குவது போனின் சொந்த டேட்டா. அது பெரிய பானையிலிருந்து போகிறது. இதில் வேடமும் இல்லை, ஒப்பந்த மீறலும் இல்லை. அடுத்த சுழற்சியில் அவனுக்கு 10 ஜிபியில் மூன்று ஜிபி மிச்சமானது.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். ஜிபி தீர்ந்தபின் ஹாட்ஸ்பாட்டில் விழும் வேகக் குறைவு அலையின் இயல்பு அல்ல, பொறியியலின் கட்டாயமும் அல்ல. அது ஒப்பந்தத்தில் எழுதிய ஓர் எண். இதற்குச் சான்று 2016 ஆகஸ்டில் கிடைத்தது. டி-மொபைல் தன் புதிய அன்லிமிடெட் திட்டத்தை அறிவித்தபோது ஹாட்ஸ்பாட் வேகம் 2ஜி அளவு, அதாவது 128 கிலோபிட் என்றது. வாடிக்கையாளர்கள் எதிர்த்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் அது 512 கிலோபிட் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் கோபுரங்களும் அலைவரிசையும் நான்கு மடங்காகிவிடவில்லை. ஓர் எண் மாறியது, நான்கு மடங்கு வேகம் வந்தது.

மனிதர் எழுதிய எண் என்பதால் அதை மனிதர் கேள்வி கேட்கலாம். அளந்து விற்ற டேட்டாவுக்கு, எந்தக் கருவியில் பயன்படுத்துகிறாய் என்று கேட்டுக் கூடுதல் பணம் பிடுங்குவது அநியாயம். 2012-இல் அமெரிக்க ஆணையம் எடுத்த நிலை சரியானது. அளக்காமல் விற்கும் டேட்டாவில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு வைப்பது ஏற்கத்தக்கது. ஆனால் அந்த வரம்பை அன்லிமிடெட் என்ற சொல்லின் அளவிலேயே, அதற்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அந்தச் சொல்லை வாசலில் பெரிதாக எழுதிவிட்டு, வரம்பைக் கொல்லைப்புறத்தில் பொடி எழுத்தில் வைப்பது நேர்மையல்ல.

பெற்றோரே, பிள்ளைகளே! 2024 ஏப்ரல் முதல் அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும், உணவுப் பொட்டலத்தின் பின்புறம் இருக்கும் பட்டியலைப் போல ஒரு தகவல் பட்டியலைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நெட்வொர்க்கை எப்படி நிர்வகிக்கிறோம் என்ற விதிகளுக்கான இணைப்பும் அதில் இருக்கும். சிம் வாங்கும் நாளில் அதைத் திறந்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு முழு வேகத்தில் எத்தனை ஜிபி? தீர்ந்தபின் எத்தனை கிலோபிட்? நெரிசலில் ஹாட்ஸ்பாட்டுக்கு எந்த இடம்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். மூன்றில் ஒன்றுக்காவது விடை கிடைக்காவிட்டால் அந்தத் திட்டத்தை வாங்காதீர்கள்.